கும்பாபிஷேக நேரலைக்கு ரெண்டு கேமரா: ஓபிஎஸ்ஸா, ஸ்விட்சர் பெட்டியா, எத்தனை எம்பிபிஎஸ்?

கோயில் கமிட்டியிலிருந்து "ரெண்டு கேமரா வெச்சு யூடியூபில் லைவ் போடணும்" என்று சொன்னதும் பெரும்பாலானோர் முதலில் விசாரிப்பது ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தை மாற்றும் ஸ்விட்சிங்கைத்தான். லேப்டாப்பில் ஓபிஎஸ் மென்பொருள் போதுமா, விமிக்ஸ் மென்பொருள் வாங்கணுமா, இல்லை ஏடெம் மினி மாதிரி ஒரு ஸ்விட்சர் பெட்டியே எடுத்துவிடலாமா? இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கோயிலுக்குப் பக்கத்தில் கிடைக்கும் நெட் லைன்தான் முடிவு செய்கிறது. அப்லோடு எவ்வளவு நிலையாக நிற்கும் என்று தெரிந்தால் ரெசல்யூஷன் தெரியும். ரெசல்யூஷன் தெரிந்தால் பெட்டியா லேப்டாப்பா என்பதில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் அப்லோடிலிருந்தே தொடங்குகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நடுத்தர கிராமக் கோயிலை வைத்துக்கொள்வோம். எதிரே மைதானத்தில் யாகசாலை. அங்கே முதல் கேமரா. வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீடு, அதன் மொட்டை மாடியிலிருந்து ராஜகோபுரக் கலசம் நேராகத் தெரிகிறது. அங்கே ஜூம் உள்ள இரண்டாவது கேமரா. இரண்டுக்கும் இடையே கேபிள் போகும் வழியாக அளந்தால் 60 மீட்டர். காலை யாகசாலை பூஜையிலிருந்து மகா தீபாராதனை வரை நான்கு மணி நேரம் ஓட வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடலாம். ரெண்டு கேமரா என்றால் ரெண்டு மடங்கு அப்லோடு வேண்டாம். ஸ்விட்சிங் அங்கேயே நடந்தால் வெளியே போவது ஒரே படம்தான், அதனால் அப்லோடு ஒரு கேமராவுக்கு ஆகும் அதே அளவுதான். இரண்டு போன்களும் தனித்தனியாக இணையம் வழியே வெளியூரில் இருக்கும் ஒருவருக்குப் படம் அனுப்பி, அவர் அங்கிருந்து ஸ்விட்ச் செய்யும் ஏற்பாட்டில்தான் இரட்டிப்பாகும். யூடியூபோடு ஃபேஸ்புக்கிலும் போடுங்கள் என்று கடைசி நேரத்தில் யாராவது கேட்டால், லேப்டாப்பிலிருந்து நேரடியாக இரண்டுக்கும் அனுப்பும்போதும் இரட்டிப்பாகும். அந்தக் கோரிக்கை வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள்.

இப்போது லைன். இரண்டு வழி இருக்கிறது: அந்த மாடி வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் ஃபைபர் இணைப்பு, அல்லது மொபைல் 4ஜி, 5ஜி. முந்தைய நாள் மாலை கோயில் வாசலில் நின்று ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் மொபைலிலும் அப்லோடு 15, 20 எம்பிபிஎஸ் என்று காட்டும். அதை நம்பி இறங்கக் கூடாது. ஸ்பீட் டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து சில விநாடிகளுக்கு மட்டும் தள்ளிப் பார்க்கிறது. நேரலை போவதோ வழக்கமாக ஆர்டிஎம்பி என்ற ஒரே ஒரு டிசிபி இணைப்பில், மணிக்கணக்கில். நடுவில் சில பாக்கெட் தவறினால் அந்த ஒற்றை இணைப்பு உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 20 காட்டிய லைனில் 5 எம்பிபிஎஸ் லைவ் திணறுவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

மொபைலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் அந்தச் சில நிமிடங்களில் கூட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே டவரில் வீடியோ கால் போடுவார்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார்கள். அவர்களும் அப்லோடுதான் கேட்கிறார்கள். முந்தைய நாள் காலி மைதானத்தில் எடுத்த அளவுக்கும் அந்த நிமிடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் ஃபைபர் கிடைக்கும் இடத்தில் மொபைலை மெயின் லைனாக வைக்கவே வேண்டாம். ஃபைபர் 80 மீட்டர் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ரூட்டரிலிருந்து கேபிளிலேயே லேப்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். இடையில் வைஃபை வைத்தால் கூட்டம் சேர்ந்ததும் அதுவும் அலைபாயும்.

அளப்பதற்குச் சரியான வழி, நேரலையையே ஓட்டிப் பார்ப்பது. யூடியூபில் அன்லிஸ்டடாக ஒரு லைவ் உருவாக்கி, ஓபிஎஸ்ஸில் 6000 கேபிபிஎஸ், அதாவது 6 எம்பிபிஎஸ் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். விழா நடக்கும் அதே நேரத்தில் செய்வது நல்லது. ஓபிஎஸ்ஸின் `Stats` பலகையில் `Dropped Frames (Network)` பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நம் மாடி வீட்டில் 6000-இல் விட்டபோது அவ்வப்போது பிரேம் விழுகிறது, 5000-இல் ஒன்றுகூட விழவில்லை என்று வைப்போம். உடனே 5000 வைத்துவிடக் கூடாது. அந்த வீட்டுக்கு அன்று வரப்போகும் சொந்தக்காரர்களின் போன்களும் அதே வைஃபையில் ஏறும். அன்று காலை மட்டும் பாஸ்வேர்டை மாற்றிவிடச் சொல்வதில் தயங்க வேண்டாம். அப்படியும் ஒரு இடைவெளி விட்டு 4000-இல் நிற்பதுதான் நல்லது. லைன் இன்னும் வலுவாக இருந்து 15 எம்பிபிஎஸ் நிலையாக நின்றால் மேலே யோசிக்கலாம். நம் கணக்கு 4000.

4000 கேபிபிஎஸ்ஸில் 1080p கொடுப்பதா, 720p கொடுப்பதா? கமிட்டியில் யாரைக் கேட்டாலும் ஃபுல் எச்டி என்றுதான் சொல்வார்கள். யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் 30 பிரேம் 720p-க்குப் பரிந்துரைப்பது 4 எம்பிபிஎஸ், 1080p-க்கு 10. ஆனால் அதைவிட முக்கியம், அன்றைய தினத்தின் மிகக் கடினமான படம் எது என்பது. ஐயர் உட்கார்ந்து மந்திரம் சொல்லும் காட்சிக்கு 2 எம்பிபிஎஸ்கூடப் போதும், ஏனென்றால் பிரேமுக்குப் பிரேம் மாறுவது கொஞ்சம்தான். ஹோமப் புகை கிளம்பியதும் கதை மாறுகிறது. புகையில் எந்தப் பிக்சலும் முந்தைய பிரேமில் இருந்ததுபோல இருப்பதில்லை, படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடர் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. கோபுரத்து மேலிருந்து தீர்த்தம் தெளிப்பது, பூமாரி, மேலே தூக்கிய ஆயிரம் கைகள், ஓடி ஓடி மின்னும் சீரியல் லைட் எல்லாமே இந்த வகைதான். விழாவின் உச்சம் எதுவோ அதுவே என்கோடருக்கும் மிகக் கடினமான நிமிடம். அதற்குத் தாங்குகிற பிட்ரேட்டைத்தான் திட்டமிட வேண்டும்.

1080p-இல் ஒரு பிரேமுக்கு 20,73,600 பிக்சல், 720p-இல் 9,21,600. அதே 4000 கேபிபிஎஸ்ஸில் 720p-இன் ஒவ்வொரு பிக்சலுக்கும் 2.25 மடங்கு அதிகம் கிடைக்கிறது. அமைதியான காட்சியில் 1080p கொஞ்சம் கூர்மையாகத் தெரியும், உண்மைதான். தீர்த்தம் தெளிக்கும் நேரத்தில் அதே 1080p கட்டம் கட்டமாக உடைந்து, கலசமும் அதை ஊற்றுகிறவரும் சேர்ந்து ஒரே குழம்பாகிவிடும். 720p கொஞ்சம் மென்மையாகும், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து பார்க்கிறவர் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார். 8 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே உறுதியாக 720p என்பது என் கட்சி.

பிரேம் ரேட்டும் இந்தக் கணக்கில் சேர்கிறது. 50 பிரேம் வேண்டாம், 25 போதும். ஓபிஎஸ்ஸில் `25 PAL` என்று இருக்கும். இரண்டு கேமராக்களையும் 25-க்கும் ஷட்டரை 1/50-க்கும் வைத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 30 பிரேமும் 1/60 ஷட்டரும் வைத்தால் சில டியூப் லைட்டும் சீரியல் லைட்டும் படத்தில் துடிக்கும் அல்லது பட்டை பட்டையாக ஓடும். ஒரு கேமராவில் துடித்து மற்றதில் துடிக்காவிட்டால் கேமரா மாறும் ஒவ்வொரு முறையும் கண்ணை உறுத்தும்.

ஸ்விட்சிங்கில் இப்போது மூன்று தேர்வுகள் நிற்கின்றன.

முதலாவது லேப்டாப், கேமராப் படத்தை யூஎஸ்பி வழியே அதற்குள் கொண்டுவரும் இரண்டு கேப்சர் கார்டு, ஓபிஎஸ். இலவசம், தமிழில் எழுத்து போடலாம், கீழே கோயில் பெயரை ஓடவிடலாம், `Studio Mode` போட்டால் அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மாற்றலாம். 720p, 540p எதற்கு வேண்டுமானாலும் படத்தைச் சுருக்கி அனுப்பும். இதன் பலவீனம் யூஎஸ்பியில் இருக்கிறது. சுருக்காத 1080p 25 பிரேம் படம் ஒன்றுக்கே விநாடிக்கு 800 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். யூஎஸ்பி 2.0-வின் மொத்தக் கொள்ளளவு 480. அதனால் மலிவான கார்டுகள் படத்தை எம்ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகின்றன. அப்படிப்பட்ட இரண்டை ஒரே ஹப்பில் செருகினால் முதலாவது வேலை செய்யும், இரண்டாவது கறுப்பாக நிற்கும், நீங்கள் கேமராவைச் சந்தேகப்படுவீர்கள். லேப்டாப்பின் இரண்டு பக்கத்து போர்ட்டுகளில் தனித்தனியாகச் செருகிப் பார்ப்பது முதல் வைத்தியம். கார்டு யூஎஸ்பி 3.0 ஆக இருப்பது சரியான வைத்தியம்.

இரண்டாவது ஏடெம் மினி போன்ற ஸ்விட்சர் பெட்டி. நாலு எச்டிஎம்ஐ உள்ளீடு, பட்டனை அழுத்தினால் படம் மாறும். கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே விரலால் மாற்றலாம், இந்த வசதியை எந்த மென்பொருளும் எளிதில் தராது. இரு கேமராவின் தாமதமும் பெட்டிக்குள்ளேயே சமமாகிவிடும். புரோ மாடலில் நெட்வொர்க் கேபிளைச் செருகினால் லேப்டாப்பே இல்லாமல் யூடியூபுக்குப் போகும். கேட்க அருமையாக இருக்கும் இந்த வசதிதான் நம் மாடி வீட்டில் உதவாது. ஏடெம் மினி புரோ வேலை செய்வது 1080p-இல். பிட்ரேட்டைக் குறைக்கலாம், படத்தை 720p ஆக்க முடியாது. 4000 கேபிபிஎஸ் லைனில் புகை கிளம்பும்போது என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். பெட்டி கையில் இருந்தால் ஸ்விட்சிங்கை அதில் செய்து, அதன் யூஎஸ்பி வெளியீட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து, ஓபிஎஸ்ஸில் 720p ஆக்கி அனுப்புங்கள். கேப்சர் கார்டு தொல்லையும் அதோடு போகும், லேப்டாப்புக்கு வருவது ஒரே படம். லைன் 15 எம்பிபிஎஸ் தாங்கும் நகரத்துக் கல்யாண மண்டபமாக இருந்தால் பெட்டியிலிருந்தே நேராக அனுப்பலாம், அங்கே என் முதல் தேர்வு அதுதான்.

மூன்றாவது விமிக்ஸ். விண்டோஸில் மட்டும் ஓடும், முழு வசதியோடு 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். ரீப்ளே, வெளியூர் விருந்தினரை அழைத்துப் பேசுவது, பல உள்ளீடுகள் என்று தேவை பெருகும்போது அதன் அருமை தெரியும். இரண்டு கேமரா வைத்து நாலு மணி நேரம் கட் மட்டும் செய்யும் வேலைக்கு ஓபிஎஸ்ஸைவிட அது கூடுதலாகத் தருவது குறைவு. போனையே கேமராவாக வைத்து வைஃபையில் லேப்டாப்புக்கு அனுப்பும் செயலிகளும் உண்டு. வீட்டு விசேஷத்துக்குச் சரி. கூட்டத்துக்கு நடுவில் அந்தத் தாமதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், மாறுகிற தாமதத்துக்கு ஒலியைப் பொருத்தவே முடியாது.

கரண்டு விஷயத்தில் லேப்டாப்புக்கு ஒரு சாதகம் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. விழா நாளில் லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு மூன்று விநாடியில் பேட்டரி இல்லாத ஸ்விட்சர் பெட்டி அணைந்து மறுபடி எழும், படம் போய்விடும். லேப்டாப்பும் அதிலிருந்தே கரண்டு எடுக்கும் கேப்சர் கார்டுகளும் அசையாது. ஆனால் ரூட்டரும் ஃபைபர் மோடமும் அணைந்தால் மறுபடி இணைய இரண்டு நிமிடமாவது ஆகும். எந்த வழியில் போனாலும் அந்த வீட்டு ரூட்டரையும் மோடத்தையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போடுங்கள். பெட்டி வைத்திருந்தால் அதையும் சேர்த்து.

மேசை எங்கே? நம் கணக்கில் மாடி வீட்டில்தான். நெட் அங்கே இருக்கிறது, இரண்டாவது கேமரா அங்கே இருக்கிறது, கூட்டம் இடிக்காது. யாகசாலைக் கேமராவின் படத்தை மட்டும் 60 மீட்டர் கொண்டுவர வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. எஸ்டிஐ கன்வெர்ட்டர் இரு முனையிலும் வைத்து கோஆக்ஸியல் கேபிள் இழுத்தால் இந்தத் தூரம் சுலபம். வீதியைத் தரையில் கடக்க வேண்டாம், பந்தல் கால்களில் கட்டி உயரத்தில் கொண்டுபோங்கள், ஏனென்றால் சுவாமி புறப்பாடு அந்த வழியாகத்தான் வரும். கேபிள் இழுக்க முடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டால், இரண்டு கேமராவையும் மாடியிலேயே வைத்து ஒன்றை அகலப் படத்துக்கும் ஒன்றை ஜூமுக்கும் விடுவது, வைஃபையில் யாகசாலைப் படத்தைக் கொண்டுவர முயல்வதைவிட மேல்.

ஒலி ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். கேமரா மைக்குகளை ஓபிஎஸ்ஸில் மியூட் செய்துவிட்டு, மைக்செட்காரரின் மிக்ஸரில் ரெக்கார்ட் அவுட்டோ ஆக்ஸ் அவுட்டோ கேளுங்கள். "அண்ணே, லைவுக்கு ஒரு லைன் அவுட் வேணும், லெவல் கொஞ்சம் கம்மியா" என்று முந்தைய நாளே சொன்னால் கொடுத்துவிடுவார். காலையில் போய்க் கேட்டால் அவர் கையில் பத்து வேலை இருக்கும். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருக்கும்போது ஓபிஎஸ் மீட்டர் சிவப்பைத் தொடாத அளவுக்கு லெவலை வையுங்கள், மந்திரத்துக்கு ஏற்ப வைத்தால் மேளம் கிழியும். ஜெனரேட்டர் ஓடும்போது 'உம்' என்று இரைச்சல் வந்தால் அது கிரவுண்ட் லூப், இடையில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் நிற்கும். படம் ஒலிக்குப் பின்தங்குகிறதா என்று பார்க்க, யாகசாலைக் கேமரா முன்னால் ஒருவரை மைக்குக்கு அருகில் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். பின்தங்கும் அளவை மில்லி விநாடியில் `Sync Offset`-இல் ஒலிக்குச் சேர்க்கலாம். மாடிக் கேமராவில் இதைச் சோதிக்கும்போது ஸ்பீக்கர் சத்தத்தைக் காதால் கேட்டு முடிவு செய்யாதீர்கள், 60 மீட்டர் கடக்க ஒலிக்கே சுமார் 0.17 விநாடி ஆகும்.

கடைசியாக மாற்று லைன். ஃபைபர் போனால் ஒரு போனை யூஎஸ்பியில் கட்டி அதன் டேட்டாவில் ஓட்டலாம், ஆனால் 4000-இல் அல்ல. டேட்டா கணக்கைப் பாருங்கள்:

```
(4000 + 128) × 3600 ÷ 8 ÷ 1000000 = 1.86 GB / மணி
(1500 + 128) × 3600 ÷ 8 ÷ 1000000 = 0.73 GB / மணி
```

128 என்பது ஒலிக்கு. தினம் 1.5 ஜிபி பிளான் உள்ள சிம்மில் 4000 வைத்தால் 50 நிமிடத்துக்குள் தீர்ந்து, அதன்பின் வேகம் படம் போக முடியாத அளவுக்கு விழும். 1500 வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும், கூட்ட நேரத்து டவரும் அதைச் சமாளிக்க வாய்ப்பு அதிகம். அந்த 1500-ஐ 720p-இல் அனுப்பாமல் 960×540-இல் அனுப்புங்கள். ஓபிஎஸ்ஸின் `Advanced` பகுதியில் நெட் திணறும்போது பிட்ரேட்டைத் தானே குறைக்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவைப்பது நல்லது, ஆனால் அது ரெசல்யூஷனைத் தொடாது, அதனால் நீண்ட திணறலுக்கு அது பதில் இல்லை.

ஓபிஎஸ்ஸில் இதற்காக இரண்டு `Profile` செய்துவையுங்கள்: ஒன்று 720p 4000, மற்றது 540p 1500. இரண்டிலும் `CBR`, `Keyframe Interval` 2 விநாடி, ஒரே ஸ்ட்ரீம் கீ. லைவ் ஓடும்போதோ ரெக்கார்டிங் ஓடும்போதோ புரொஃபைலை மாற்ற முடியாது. நிறுத்தி, மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும். அதனால்தான் நல்ல தரப் பதிவை ஓபிஎஸ்ஸில் எடுக்காமல் கேமராக்களின் கார்டுகளிலேயே எடுக்கச் சொல்வேன், நெட் எப்படி ஆடினாலும் அது அறுபடாது.

நிறுத்தித் தொடங்கும் அந்த அரை நிமிடத்தில் யூடியூப் லைவை முடித்துவிடாமல் இருக்க, லைவ் கண்ட்ரோல் ரூமில் `Enable Auto-stop`-ஐ முன்பே அணைத்துவையுங்கள். அணைக்காவிட்டால் நிகழ்ச்சி முடிந்ததாகக் கணக்காகி, வாட்ஸ்அப் குரூப்புகளில் எல்லாருக்கும் போன பழைய லிங்க் செத்துவிடும். சேனலே புதிதென்றால் லைவ் வசதி இயங்க 24 மணி நேரம் வரை ஆகலாம், அதை யாகசாலைக்குக் கால் நடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஓடும்போது பிரேம் விழுந்தால் `Stats`-இல் எந்த வரி ஏறுகிறது என்று பாருங்கள். `Dropped Frames (Network)` ஏறினால் லைன், மாற்று புரொஃபைலுக்குப் போகலாமா என்று யோசிக்க வேண்டிய நேரம். `Skipped frames due to encoding lag` ஏறினால் நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, லேப்டாப் திணறுகிறது. பெரும்பாலும் வெயிலில் சூடேறியிருக்கும். மொட்டை மாடியில் மேசைக்கு மேல் ஒரு தார்ப்பாய், லேப்டாப்புக்கு அடியில் காற்று போக இடம், என்கோடராக `x264`-க்குப் பதில் கிராஃபிக்ஸ் சிப்பின் என்கோடர். இந்த மூன்றையும் முந்தைய நாள் ஒத்திகையிலேயே பார்த்துவிட்டால் அந்த வரி பூஜ்யத்தை விட்டு நகராது.